“வாழ்க்கையே ரொம்ப டயர்டா இருக்கு”: ஏற்காட்டிலிருந்து வந்த ஒற்றை வரியும் அதற்குப் போன பதில்களும்

மனச்சோர்வில் இருப்பவர்களோடு குறுஞ்செய்தி வழியாகப் பேசும் தன்னார்வலர்களுக்காக இந்த நிகழ்வு ஆய்வை எழுதுகிறோம். நண்பரிடமிருந்தோ உறவினரிடமிருந்தோ இப்படி ஒரு வரி வந்து, என்ன பதில் போடுவது என்று திகைத்தவர்களுக்கும் இது பயன்படும். இதில் வரும் பெண் தனியொருவர் அல்ல. ஒரே மாதிரியான சில உரையாடல்களைச் சேர்த்து, ஆளை அடையாளம் காண முடியாதபடி ஊர், வேலை, வீட்டு விவரங்களை மாற்றி அமைத்திருக்கிறோம். செய்திகள் போன வரிசையும் ஒவ்வொரு இடத்திலும் எடுத்த முடிவும் நடைமுறையில் உள்ளபடியே இருக்கின்றன.

மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. இரவு 10.52க்கு, தன்னார்வலர்கள் பதில் எழுதும் எங்கள் சேவையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரு செய்தி வந்தது.

“வாழ்க்கையே ரொம்ப டயர்டா இருக்கு”

வணக்கம் இல்லை, பெயர் இல்லை, கேள்வியும் இல்லை. முகப்புப் படத்தில் ஒரு ரோஜாப் பூ.

இந்த வரியிலிருந்து உறுதியாகத் தெரிவது மிகக் குறைவு. எழுதியவர் இரவில் விழித்திருக்கிறார். “வேலை” என்று சொல்லாமல் “வாழ்க்கை” என்று சொல்கிறார். எங்கோ சுவரொட்டியில் பார்த்த எண்ணைச் சேமித்து வைத்து, முன்பின் தெரியாத ஒருவருக்கு எழுதும் அளவுக்கு ஏதோ அழுத்துகிறது. மற்றதெல்லாம் ஊகம்தான். உடம்பு அசதியாக இருக்கலாம், வீட்டுச் சண்டையாக இருக்கலாம், மாதக்கணக்கில் இழுக்கும் மனச்சோர்வாகவோ சாக வேண்டும் என்ற எண்ணமாகவோ இருக்கலாம். அந்தப் பக்கம் உண்மையிலேயே ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வீசிய முதல் வரியாகவும் இருக்கலாம். இவற்றில் எதுவாக இருந்தாலும் பொருந்தும்படி முதல் பதில் அமைய வேண்டும். ஏதோ ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துப் பதில் போடும்போதுதான் பேச்சு கெடுகிறது.

கெடுவது பெரும்பாலும் இரண்டு விதமாக நடக்கும். ஒன்று பதற்றம். “என்னாச்சு? எங்க இருக்கீங்க? லொகேஷன் அனுப்புங்க, உடனே இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க” என்று அடுத்தடுத்து நான்கு செய்திகள் போகும். வாசிப்பவருக்கு அதிலிருந்து புரிவது, தான் ஏதோ பெரிய தப்பைச் சொல்லிவிட்டோம், இனி ஊரைக் கூட்டிவிடுவார்கள் என்பதுதான். செய்தியை அழித்துவிட்டு எண்ணைத் தடுத்துவிடுவார். அடுத்த முறை உண்மையாகவே ஆபத்து வந்தாலும் எழுத மாட்டார். இன்னொன்று தள்ளிவிடுவது. “எல்லாருக்கும் அப்படித்தாங்க இருக்கு”, “நல்லா தூங்கி எழுங்க, சரியாயிடும்”, “சேர்வராயன் கோயிலுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க”. சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் என்ன பாரம் என்று கேட்காமலே அதை இறக்கும் வழியைச் சொல்வதால், கேட்கவே விருப்பமில்லை என்று அது போய்ச் சேர்கிறது. ஆலோசனை சீக்கிரம் வந்துவிட்டால் அதுவும் ஒருவகைப் புறக்கணிப்புதான்.

அன்று பணியில் இருந்த தன்னார்வலர் 10.58க்கு அனுப்பிய பதில் இது:

“உங்க மெசேஜ் பார்த்தேங்க. நான் இங்கதான் இருக்கேன், பேசலாம். வாழ்க்கையே டயர்டா இருக்குன்னு சொல்றீங்க. இது இன்னைக்கு ரொம்ப கூடிப்போச்சா, இல்ல கொஞ்ச நாளாவே இப்படி இருக்கா?”

பார்த்ததைச் சொல்கிறது, ஆள் இருப்பதைச் சொல்கிறது, அவருடைய சொல்லையே திருப்பிச் சொல்கிறது, ஒரே ஒரு கேள்வி கேட்கிறது. “டயர்டா” என்பதை “மன உளைச்சல்” என்றோ “டிப்ரஷன்” என்றோ மாற்றவில்லை. மாற்றியிருந்தால் அது நம்முடைய கணிப்பாகிவிடும், அவர் அதை மறுக்க வேண்டிவரும். “ஏன்?” என்றும் கேட்கவில்லை. அசந்துபோனவருக்கு “ஏன்” என்பது காரணம் காட்டச் சொல்லும் கேள்வி. தன் கஷ்டம் போதுமான அளவுக்குப் பெரிதா என்று அவர் யோசிக்கத் தொடங்கிவிடுவார். “இன்னைக்கா, கொஞ்ச நாளாவா” என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் போடலாம். விரல் அசைக்கவே தெம்பில்லாதவரிடம் கேட்கும்போது இது முக்கியம்.

11.01க்கு “கொஞ்ச நாளா” என்று வந்தது. இரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று:

“சும்மா சொன்னேன்க்கா. தொந்தரவு பண்ணிட்டேன். நீங்க தூங்குங்க”

இப்படிப் பின்வாங்குவது அடிக்கடி நடக்கும். சொல்லிவிட்ட வெட்கமும், நாம் எப்படி எடுத்துக்கொள்வோமோ என்ற சந்தேகமும் சேர்ந்து இதை எழுத வைக்கின்றன. “சரிங்க, குட்நைட்” என்றால் கதவு சாத்தப்படும். “இல்ல, நீங்க பொய் சொல்றீங்க, ஏதோ இருக்கு” என்றால் போலீஸ் விசாரணை ஆகிவிடும். “சும்மா” என்பதை மறுக்காமலும், அதைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடாமலும் பதில் போக வேண்டும்.

“தொந்தரவே இல்லைங்க, ராத்திரி இந்த நேரம் எனக்கு டியூட்டிதான். சும்மா சொன்னதா இருந்தாலும் கேக்கறேன். இன்னைக்கு காலைல எழுந்ததுல இருந்து நாள் எப்படிப் போச்சு?”

மனசைப் பற்றிக் கேட்டால் வார்த்தை வராதவர்கள்கூட, நாளைப் பற்றிக் கேட்டால் எழுதுவார்கள். அவரும் எழுதினார். 11.05 முதல் 11.16 வரை ஒன்பது செய்திகள் வந்தன. இடையில் தன்னார்வலர் அனுப்பியவை “ம், சொல்லுங்க”, “அப்புறம்” என்ற இரண்டு மட்டுமே.

ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலை. வயது 26. சொந்த ஊர் நாகலூர் பக்கம், பஸ் நேரம் ஒத்துவராததால் விடுதியிலேயே மற்ற இரண்டு பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருக்கிறார். கோடை சீசன் என்பதால் ஏப்ரல் பாதியிலிருந்து லீவு இல்லை. காலை ஐந்தரைக்கு எழுந்தால் ஒரு நாளைக்குப் பதினான்கு அறைகள். பனியும் சாரலுமாக இருந்தால் படுக்கை விரிப்புகள் காயாது. ஈரவாடை அடிக்கிறது என்று விருந்தினர் சத்தம் போடுவார்கள், மறுபடி அலசி மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். “மூணாவது மாடிக்கு ஏறும்போது ரெண்டாவதுலயே நின்னுடறேன்க்கா, மூச்சு வாங்குது, முன்ன இப்படி இல்ல.” காலையில் டீயும் பன்னும், மதியச் சாப்பாடு நான்கு மணிக்கு. சம்பளத்தில் பெரும்பகுதி அம்மாவுக்கு அனுப்புகிறார். அண்ணன் குடிக்கிறான், அவனும் போன் போட்டுப் பணம் கேட்கிறான். கடைசியாக வந்தது: “காலைல கண்ணு முழிச்சா ஏன்டா விடியுதுன்னு இருக்கு. எதுலயும் ஒட்டல.”

இந்த ஒன்பது செய்திகளில் குறித்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. படியில் மூச்சு வாங்குவதும் “முன்ன இப்படி இல்ல” என்பதும் உடம்பைப் பார்க்கச் சொல்கின்றன. “ஏன்டா விடியுதுன்னு இருக்கு” என்பது மரணத்தைப் பற்றிய கேள்வியைக் கேட்கும் நேரம் வந்துவிட்டதைக் காட்டுகிறது. அண்ணன், பணம், விருந்தினர் எல்லாம் உண்மையான பாரங்கள்தான், ஆனால் அன்றிரவு அவற்றைத் தீர்க்க முடியாது. பழக்கமில்லாதவர்கள் அண்ணனைப் பிடித்துக்கொள்வார்கள். அது பேச எளிதான விஷயம், கோபப்படவும் வசதியானது. அரை மணி நேரம் அதிலேயே போய்விடும்.

மரணத்தைப் பற்றிய கேள்வியை முதல் வரியிலேயே கேட்பது அவசரப்படுவது. விடைபெறும்போது வாசலில் நின்றுகொண்டு கேட்பது சம்பிரதாயம். அவரே அந்தப் பக்கம் ஒரு அடி வைத்த பிறகு, நாம் அடுத்த அடியை வைப்பதுதான் சரி. தற்கொலை பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற பயம் பலருக்கு உண்டு. அப்படி ஆவதில்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த செய்தி. பலருக்கு யாரோ ஒருவர் கேட்டுவிட்டாரே என்ற ஆறுதல்தான் வருகிறது.

எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் தமிழில் பெரிய தவறு நடக்கிறது. “தப்பா எதுவும் யோசிக்கலையே?”, “தப்பான முடிவு எதுவும் எடுத்துட மாட்டீங்கல்ல?” என்று கேட்கிறோம். கேள்விக்குள்ளேயே “இல்லை” என்ற விடை உட்கார்ந்திருக்கிறது, கூடவே “தப்பு” என்ற தீர்ப்பும் இருக்கிறது. இதற்கு யாரும் “ஆமாம்” என்று சொல்லப்போவதில்லை. தன்னார்வலர் எழுதியது:

“படிக்கும்போதே எவ்வளவு இழுத்துப் பிடிச்சு ஓட்டறீங்கன்னு தெரியுதுங்க. ஒண்ணு நேராவே கேக்கறேன். இவ்வளவு அசந்துபோனா சில பேருக்கு, தூங்கினா அப்படியே எழுந்திருக்காம இருந்தா தேவலைன்னு தோணும். உங்களுக்கு அப்படித் தோணுதா? என்ன சொன்னாலும் திட்ட மாட்டேன்.”

அனுப்பிய நேரம் 11.19. திரையில் “typing…” தோன்றியது, மறைந்தது, மறுபடி தோன்றியது. நான்கு நிமிடம் எதுவும் வரவில்லை. இந்த நேரத்தில் இன்னொரு செய்தி போடக் கை துடிக்கும். போடக்கூடாது. “இருக்கீங்களா?” என்பதும் “பதில் சொல்லணும்னு இல்லைங்க” என்பதும் அவர் எழுதிக்கொண்டிருப்பதை அழிக்க வைத்துவிடும். ஐந்து நிமிடம் தாண்டினால் “மெதுவா எழுதுங்க, இருக்கேன்” என்று ஒன்று போதும்.

“தோணும்க்கா. தூங்கினா அப்படியே போயிட்டா நல்லாருக்கும்னு. ஆனா நானா எதுவும் பண்ணிக்க மாட்டேன்”

“சொன்னதுக்கு நன்றிங்க. இதை வெளிய சொல்றது லேசு இல்ல” என்று தன்னார்வலர் முதலில் எழுதினார். அதன் பிறகே அடுத்த படிகள், ஒவ்வொன்றும் தனித்தனிச் செய்தியாக, விடை வந்த பின் அடுத்தது. தற்கொலை ஆபத்தை அளக்க மருத்துவத்தில் பயன்படும் கேள்வி வரிசை எளிய பேச்சுத்தமிழில் இப்படித்தான் இருக்கும். எழாமல் இருந்தால் தேவலை என்று தோணுதா? உயிரை விட்டுடலாம்னு நினைச்சதுண்டா? எப்படின்னு யோசிச்சதுண்டா? செய்யணும்னு எண்ணம் இருக்கா? அதுக்கு ஏதாவது தயார் பண்ணியிருக்கீங்களா? முன்னாடி எப்பவாவது முயற்சி பண்ணியிருக்கீங்களா? இரண்டாவது கேள்விக்கு “இல்லை” என்றால் நடுவில் உள்ள மூன்றையும் விட்டுவிட்டு கடைசிக் கேள்விக்குப் போய்விடலாம். அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் யாரிடமும் விடக்கூடாது, குறிப்பாகக் கடந்த மூன்று மாதத்தைப் பற்றி.

இரண்டாவது கேள்விக்கு இவருடைய விடை: “போன மாசம் ஒரு நாள் வந்துச்சு. அண்ணன் போன்ல கத்தின அன்னைக்கு. அப்புறம் போயிடுச்சு.” எப்படி என்று யோசிக்கவில்லை. செய்யும் எண்ணம் இல்லை, அம்மா இருக்கிறார். முன்பு முயற்சி எதுவும் இல்லை.

ஆக, வாழ விருப்பம் குறைந்திருக்கிறது, சாகும் எண்ணம் ஒரு முறை வந்து போயிருக்கிறது, வழியோ திட்டமோ இல்லை. இது உடனடி அபாயம் அல்ல. ஆனால் “ஒன்றுமில்லை” என்று மூடிவைக்கவும் முடியாது, சில நாட்களுக்குள் மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை. விடைகள் வேறுவிதமாக வந்திருந்தால் முடிவும் வேறாக இருந்திருக்கும். வழியை யோசித்து, செய்யும் எண்ணமும் இருக்கிறது என்றால், தட்டச்சை நிறுத்திவிட்டுக் குரலில் பேச வேண்டும். அந்த அறையில் இருப்பவர் ஒருவரை எழுப்பச் சொல்ல வேண்டும். ஆள் தனியாக விடப்படக்கூடாது, 108 ஆம்புலன்ஸ் வரை போக வேண்டிவரும். ஏதாவது ஏற்கெனவே செய்துவிட்டிருந்தால் கேள்விக்கே இடமில்லை, உடனே 108தான். பதற்றப்படாமல் இருப்பது என்றால் இந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதுதான். அது தெரியாதவர்தான் எல்லாவற்றுக்கும் பதறுவார், அல்லது எதற்கும் பதறாமல் இருந்துவிடுவார்.

இந்த நேரத்தில் அவர் கேட்டார்: “இதெல்லாம் போலீசுக்குப் போகுமாக்கா? ஓனருக்குச் சொல்லிடுவீங்களா?”

“இல்லைங்க. நமக்குள்ளதான். உயிருக்கு இப்பவே ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும், உங்ககிட்ட சொல்லிட்டு, உங்களுக்கு நம்பிக்கையான ஒருத்தரைக் கூப்பிடுவேன். யாரைன்னு நீங்களே சொல்லி வைக்கலாம்.” இந்த விளக்கத்தை அவர் கேட்கும்வரை தள்ளிப்போடாமல், மரணக் கேள்விக்கு முன்பே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்வதே நல்ல வழக்கம். போலீஸ் பயம் பழைய சட்டத்திலிருந்து வருவது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக்கூடாது என்று 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. மனத்தில் எழும் எண்ணத்தைச் சொல்வதற்கு வழக்கு ஏதும் கிடையாது.

“சத்தியம் பண்ணுங்க, எதுவும் பண்ணிக்க மாட்டேன்னு” என்று தன்னார்வலர் கேட்கவில்லை. சத்தியம் வாங்குவது கேட்பவருக்கு நிம்மதி தரும், சொல்பவரைக் காப்பாற்றாது. சத்தியம் செய்தவர் அடுத்த முறை எண்ணம் வரும்போது மறைப்பார், கொடுத்த வாக்கை மீறியதாகத் தோன்றுமே. அதற்குப் பதில் இருவரும் சேர்ந்து ஒரு சிறு திட்டம் எழுதினார்கள். போனில் வேறு யாராவது பார்ப்பார்களா என்று முதலில் கேட்டார். அறைத்தோழி வீடியோ பார்க்க வாங்குவாளாம். அதனால் வாட்ஸ்அப்பில் விடாமல், ஒரு தாளில் எழுதிப் பர்சில் வைக்கச் சொன்னார்.

தாளில் இருந்தவை சில வரிகள்தான். அந்த எண்ணம் அலையாக ஏறுகிறது என்பதற்கு அடையாளம்: அண்ணன் போன் வைத்த பிறகு நெஞ்சு அடைப்பது, காரணமில்லாமல் கண்ணீர். தானாகச் செய்யக்கூடியது: முகம் கழுவி, அறையை விட்டு வெளியே வந்து சமையலறைத் திண்ணையில் உட்காருவது. ஆள் பக்கத்தில் இருக்க: சமையல் செய்யும் அக்கா, எதுவும் சொல்லாமலே அவரோடு வெங்காயம் உரிக்கலாம். விஷயத்தைச் சொல்லிப் பேச: கன்னங்குறிச்சியில் இருக்கும் சித்தி. அதற்கு மேலே: இந்தச் சேவை எண்ணும், 14416உம். ஆபத்தானது எதுவும் கையெட்டும் இடத்தில் இருக்கிறதா என்பது கடைசி. விடுதியில் ஒன்றும் இல்லை. ஊரில் வீட்டுத் திண்ணையில் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து டப்பாக்கள் இருக்கின்றன. அடுத்த முறை ஊருக்குப் போவதற்கு முன்பே அதைத் தோட்டக்காரர் வீட்டு அறையில் பூட்டி வைக்கச் சித்தியிடம் சொல்வது என்று முடிவானது. சாகும் திட்டம் எதுவும் இல்லாதவரிடம் இது எதற்கு என்று தோன்றலாம். இந்த எண்ணங்கள் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ உச்சத்துக்கு ஏறி இறங்குபவை. அந்த நேரத்தில் கையில் எட்டாதிருப்பதே பல உயிர்களைக் காக்கிறது. குடிக்கும் அண்ணன் இருக்கும் வீட்டில் இது அவனுக்கும் சேர்த்துத்தான்.

14416 என்ற எண் பேச்சின் கடைசியில், 11.50 வாக்கில்தான் வந்தது. முதல் செய்தியிலேயே எண்ணை ஒட்டினால் “என்னிடம் சொல்லாதே, அங்கே போ” என்றாகிவிடும். கடைசியில் தரும்போது இன்னொரு கதவு என்று புரிகிறது. எண்ணை மட்டும் தருவதும் போதாது, கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டும். “டெலி மானஸ்னு அரசாங்கத்தோட சேவைங்க, காசு கிடையாது, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க. முதல்ல மொழி கேக்கும், தமிழைத் தேர்ந்தெடுங்க. பேசறது ஒரு ஆலோசகர், தேவைப்பட்டா டாக்டர்கிட்ட இணைப்பாங்க.” 2022 அக்டோபரில் தொடங்கிய அந்தச் சேவையைப் பற்றி மலையில் வேலை செய்யும் பலருக்கு இன்னும் தெரியாது.

அடுத்து, மலைக்கே உரிய ஒரு சிக்கல். சேர்வராயன் மலையில் மழை பிடித்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் சிக்னலும் போகும். அனுப்பிய செய்தி ஒற்றை டிக்கோடு மணிக்கணக்கில் நிற்கும். சேலத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஒற்றை டிக் வயிற்றைக் கலக்கும். அதனால் மௌனத்துக்கு என்ன பொருள் என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். அவர்கள் பேசிவைத்தது இது. மறுநாள் இரவு ஒன்பது மணிக்குத் தன்னார்வலர் எழுதுவார். ஒற்றை டிக் என்றால் சாதாரண எஸ்.எம்.எஸ். ஒன்று. அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த நாள் மதியம் பன்னிரண்டு வரை பொறுத்து, சமையல் அக்காவின் எண்ணுக்கு ஒரே ஒரு அழைப்பு. “தெரிஞ்சவங்க பேசறேன், அவளைக் கொஞ்சம் கூப்பிடறீங்களா” என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. அக்காவின் எண்ணை அவரே கொடுத்தார்.

வியாழக்கிழமையே அது சோதனைக்கு வந்தது. புதன் இரவு பதில் வந்திருந்தது. வியாழன் இரவு ஒன்பதுக்குப் போன செய்தி ஒற்றை டிக்கில் நின்றது, எஸ்.எம்.எஸ்.ஸும் சேரவில்லை. மௌனம் ஒரே தகவலாக இருக்கும்போது அதற்கு முந்தைய தகவல்களைத்தான் எடை போட வேண்டும்: கடைசியாகப் பேசியபோது எண்ணம் கூடவில்லை, திட்டம் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போக நாள் குறித்திருந்தார், அன்று மாலை மலையில் மழை. அதனால் ஒப்புக்கொண்ட நேரம் வரை காத்திருந்தார்கள். வெள்ளி காலை 11.20க்குப் பதில் வந்தது: “கரண்ட் இல்லைங்க்கா, போன் செத்துப்போச்சு.” இரவோடிரவாக விடுதிக்கு ஆள் அனுப்பியிருந்தால், ஓனருக்குத் தெரியக்கூடாது என்று அவர் கேட்டுக்கொண்ட ஒரே விஷயம் உடைந்திருக்கும். அதற்கு முந்தைய பேச்சில் திட்டமோ விடைபெறும் தொனியோ இருந்திருந்தால் பன்னிரண்டு மணி வரை பொறுத்திருக்கவும் கூடாது.

அதற்கிடையே உடம்பின் கதை. படியில் மூச்சு வாங்குவதைப் பற்றிப் புதன் இரவு கேட்டதில், மாதவிலக்கு ஏழெட்டு நாள் இழுக்கிறது, உதிரம் அதிகம் என்று தெரிந்தது. ஏற்காடு அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னபோது தன்னார்வலர் ஒரு வேலை செய்தார். டாக்டரிடம் காட்ட ஐந்து வரியை அவரையே எழுதச் செய்தார்: இரண்டு மாதமாகக் களைப்பு, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மாதவிலக்கு அதிகம், காலையில் எழவே பிடிக்கவில்லை, எழாமலே இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது. கூட்டமான புறநோயாளிப் பிரிவில் பலரும் முதல் வரியை மட்டும் சொல்வார்கள், ஒரு சத்து டானிக்கோடு வெளியே வருவார்கள். கடைசி வரியை வாயால் சொல்வது கடினம். தாளை நீட்டுவது எளிது.

சனிக்கிழமை மதியம் அறைகளை முடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் வேலையை மாற்றிக்கொண்டு போனார். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே இரத்தசோகை, 8க்குக் கீழே கடுமையானது. தைராய்டு சரியாக இருந்தது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய ஒன்பது கேள்விகள் கொண்ட மனச்சோர்வுக் கேள்வித்தாளில் 27க்கு 13 வந்தது. 10 அல்லது அதற்கு மேல் என்றால் மனநல மருத்துவர் பார்ப்பது நல்லது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, மாதவிலக்குக்கும் மனநலத்துக்குமாகச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தார்கள்.

அன்றிரவு அவர் எழுதியது: “ரத்தம் கம்மியாம்க்கா. அதான் எல்லாம். நான் வேற என்னமோன்னு பயந்துட்டேன்.”

இந்த இடத்தில் கேட்பவருக்கும் நிம்மதி வந்துவிடும், காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் 8.4 என்பது மூச்சு வாங்குவதையும் அசதியையும் விளக்கும். “ஏன்டா விடியுது” என்பதில் ஒரு பங்கை மட்டுமே விளக்கும். உடம்பு தெம்பிழந்திருப்பதால் மனம் இன்னும் சாய்ந்திருக்கலாம், மனம் ஒட்டாததால் சாப்பாடு குறைந்து இரத்தம் இன்னும் குறைந்திருக்கலாம். ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழிக்கக்கூடாது. தன்னார்வலரின் பதில்: “ரத்தம் கம்மின்னு தெரிஞ்சது நல்லதாப் போச்சுங்க, அதுக்கு மருந்து இருக்கு. ராத்திரி வர அந்த எண்ணம் இந்த வாரம் எத்தனை நாள் வந்துச்சு?” இரண்டு நாள் என்றார். அதனால் சேலம் பயணம் ரத்தாகவில்லை.

இரும்பு மாத்திரையில் மலையில் நடக்கும் பிழை டீயும் காப்பியும். மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். வயிற்றைப் பிரட்டினால் நிறுத்திவிடாமல் டாக்டரைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். தெம்பு தெரியவே சில வாரம் ஆகும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் ஏறத்தாழ மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உடம்பின் இருப்பு நிரம்பும். இதை முன்பே சொல்லாவிட்டால் பத்தாவது நாளில் “மாத்திரை போட்டும் அப்படியேதான் இருக்கு” என்ற சலிப்பு வரும், பழைய எண்ணத்துக்கு அது தீனி.

அடுத்த வாரம் சித்தி கூட வர, சேலத்தில் மனநல மருத்துவரைப் பார்த்தார். மருத்துவர் உடனே மருந்து எழுதவில்லை. வாரம் ஒருமுறை ஆலோசகரோடு பேசவும், நான்கு வாரம் கழித்துத் திரும்ப வரவும் சொன்னார். தினமும் போய்வர முடியாத இடம் என்பதால் பேச்சைத் தொலைபேசியில் வைத்துக்கொள்ள ஏற்பாடானது.

இந்தச் சேவையின் செய்திகள் முதல் வாரம் தினமும் ஒன்று, இரண்டாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒன்று என்று குறைந்தன. “எப்படி இருக்கீங்க” என்று கேட்டால் “நல்லா இருக்கேன்க்கா” என்றுதான் வரும். அதனால் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக் கேட்டார்கள்: மாத்திரை எப்போ போட்டீங்க, மூணாவது மாடி நிக்காம ஏற முடிஞ்சுதா, தாள் பர்ஸ்ல இருக்கா, அந்த எண்ணம் இந்த வாரம் வந்துச்சா. கடைசிக் கேள்வியை எந்த வாரமும் விடவில்லை, சாதாரணக் குரலிலேயே கேட்டார்கள். மூன்றாம் வாரம் ஒரு முறை வந்ததாகச் சொன்னார், அண்ணன் விடுதி வாசலுக்கே வந்து நின்ற நாள் அது. தாளில் இருந்தபடி சமையலறைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார், சித்தியிடம் பேசியிருக்கிறார், இந்த எண்ணுக்கு எழுதவில்லை. அது சரியான வரிசைதான். சேவை எண் கடைசியில் இருப்பதற்கே எழுதப்பட்டது.

ஜூன் பாதியில் சீசன் ஓய்ந்து வார விடுமுறை திரும்பக் கிடைத்தது. மறுபரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.1. கேள்வித்தாளில் 8. அண்ணனுடைய குடி அப்படியேதான் இருக்கிறது. குடிநோய் சிகிச்சைக்கு அவனை அழைத்துப்போகும் பேச்சைச் சித்தி எடுத்திருக்கிறார், அவன் ஒப்பவில்லை. மாதவிலக்கு ஏன் அப்படிப் போகிறது என்பதற்கான ஸ்கேன் ஜூலை முதல் வாரத்துக்குக் குறித்திருக்கிறது. இரும்பு மாத்திரை குறைந்தது செப்டம்பர் வரை போகும். தோட்ட மருந்து டப்பாக்கள் பூட்டிய அறையில் இருக்கின்றன, சாவி தோட்டக்காரரிடம்.